டன்னுக்கு 18 கிராம்: ஒரு துளையின் கணக்கு

கேள்வி: "எங்கள் ஊர் பந்தலூர் பக்கம். தாத்தா வைத்திருந்த பழைய காகிதக் கட்டில், எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் துளை போட்டுப் பார்த்த விவரம் இருக்கிறது. அதில் 87.80 – 88.20 மீட்டர், 18 கிராம்/டன் தங்கம் என்று ஒரு வரி. 2 கிராம் இருந்தாலே சுரங்கம் நடத்தலாம் என்கிறார்கள். அப்புறம் ஏன் யாரும் தோண்டவில்லை? விஷயத்தை மறைத்துவிட்டார்களா?"

மறைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் ஒரு 18 கிராம் கரைந்து போக முடியும். கர்நாடகாவில் ஒரு தங்கச் சுரங்கத்தில் புவியியலாளராக 26 வருடம் வேலை பார்த்தவன் நான். இப்போது கூடலூரில் இருக்கிறேன். உங்களிடம் இருக்கும் வரியைப் போல நூற்றுக்கணக்கான வரிகளைக் கையால் எழுதியிருக்கிறேன். உங்கள் துளையை நான் பார்த்ததில்லை, அதனால் அதில் இதுதான் நடந்தது என்று சொல்ல மாட்டேன். அந்த ஒரு வரியிலிருந்து "இங்கே இத்தனை டன் தாது இருக்கிறது" என்ற முடிவுக்குப் போகும் வழியில் என்னவெல்லாம் நடக்கும் என்பதை, உங்கள் எண்ணையே வைத்துக்கொண்டு காட்டுகிறேன். வரியில் இல்லாத எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். எவை என் எண்கள் என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த 18 எதிலிருந்து வந்தது என்று பாருங்கள். வைரப்பல் பதித்த வளையம் பாறையைச் சுற்றி அறுத்துக்கொண்டே இறங்கும். நடுவில் அறுபடாமல் நிற்கும் பாறை, உருளையாகக் குழாய்க்குள் ஏறும். அதைத்தான் கோர் என்கிறோம். பரவலாகப் போடும் என்.க்யூ. அளவுத் துளையில் கோரின் விட்டம் 47.6 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு டம்ளரின் அடிப்பாகம் அளவு. உங்கள் வரி சொல்லும் நீளம் 0.40 மீட்டர். கோரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியை ஆய்வகத்துக்கு அனுப்பி, மறு பாதியைப் பெட்டியில் வைப்பது வழக்கம். வெள்ளைக் குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. ஆக அனுப்பிய பாதியின் எடை ஒரு கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு, சுமார் 940 கிராம். அதை மாவாக அரைத்து, அதிலிருந்து 30 கிராம் மட்டும் எடுத்து உலையில் வைப்பார்கள். உங்கள் காகிதத்தில் இருக்கும் 18 என்பது அந்த 30 கிராம் மாவு சொன்ன பதில்.

உலைச் சோதனை நம் பத்தர்கள் புடம் போடுவதற்கு நெருங்கிய உறவு. மாவுடன் ஈய ஆக்சைடு, சோடா, வெங்காரம், கொஞ்சம் கோதுமை மாவு சேர்த்து மூசையில் உருக்குவார்கள். கோதுமை மாவின் கரி, ஈய ஆக்சைடில் ஒரு பங்கை ஈயமாக மாற்றும். ஈயம் துளித்துளியாக இறங்கும்போது தங்கத்தையும் வெள்ளியையும் பிடித்துக்கொண்டு அடியில் ஒரு பொத்தானாகச் சேரும். அந்தப் பொத்தானைச் சாம்பலால் செய்த சின்னக் கிண்ணத்தில் வைத்து மீண்டும் சூடாக்கினால், ஈயத்தைக் கிண்ணம் உறிஞ்சிக்கொள்ளும், குண்டூசித் தலையைவிடச் சிறிய மணி ஒன்று மிஞ்சும். அதில் உள்ள வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துவிட்டு மீதியை நிறுப்பார்கள். மணியைக் கரைத்துக் கருவியில் அளப்பதும் உண்டு. இந்த முறை மிக நம்பகமானது. நம் சிக்கல் உலையில் இல்லை, உலைக்குள் போகும் அந்த 30 கிராமில் இருக்கிறது.

தங்கம் மென்மையான உலோகம். பாறை அரைபடும்போது அது தூளாகாமல் தட்டையாகி நசுங்கும். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான, 0.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு தங்கப் பொடியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் எடை சுமார் 0.24 மில்லிகிராம். அந்தப் பொடி 30 கிராம் மாவுக்குள் விழுந்துவிட்டால், வேறு தங்கமே இல்லாவிட்டாலும் சோதனை டன்னுக்கு 8 கிராம் என்று காட்டும். விழாவிட்டால் அதே மாவுப் பையிலிருந்து எடுத்த இன்னொரு 30 கிராம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டும். இரண்டுமே சரியாகச் செய்த சோதனைகள். வயநாடு, நீலகிரிப் பக்கம் தங்கம் குவார்ட்ஸ் நரம்புகளில் இருப்பது. நரம்புத் தங்கம் பல இடங்களில் இப்படிப் பொடிப் பொடியாக, ஓரிடத்தில் திரண்டும் அடுத்த சாணில் ஒன்றுமில்லாமலும் கிடக்கும். பொரி உருண்டையில் நிலக்கடலை மாதிரி என்று புதிதாகச் சேரும் பையன்களுக்குச் சொல்வேன். ஒரு கடி எடுத்துவிட்டு மொத்த உருண்டையில் எவ்வளவு கடலை என்று சொல்ல முடியாது.

இதனால் கண்ணுக்குத் தெரியும் தங்கம் உள்ள மாதிரிகளுக்கு வேறு வழி வைத்திருக்கிறோம். பெட்டியில் மிச்சம் இருக்கும் பாதியை முழுவதும் அரைத்து, 106 மைக்ரான் சல்லடையில் சலிப்போம். சல்லடைக்கு மேலே தங்கும் கொஞ்சத்தை அப்படியே மொத்தமாக உலையில் வைத்துவிடுவோம். பெரிய தங்கப் பொடிகள் எல்லாம் அதற்குள் வந்துவிடும். கீழே இறங்கிய மாவில் இரண்டு மூன்று 30 கிராம் எடுத்துச் சோதித்துச் சராசரி பார்ப்போம். என் எண்களை வைத்து ஒரு கணக்குப் போடுகிறேன். மேலே தங்கியது 40 கிராம், அதில் 3.5 மில்லிகிராம் தங்கம். கீழே இறங்கியது 900 கிராம், தரம் டன்னுக்கு 2.9 கிராம், அதாவது 2.6 மில்லிகிராம் தங்கம். இரண்டையும் கூட்டினால் 940 கிராம் கல்லில் 6.1 மில்லிகிராம். டன்னுக்கு 6.5 கிராம். முதல் பாதியில் மிஞ்சிய மாவையும் இதே போலச் சலித்துப் பார்த்து, அதுவும் 6, 7 என்று வந்தால், பழைய 18 ஒரு பெரிய பொடியின் வேலை என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். 18-க்குப் பக்கத்திலேயே வந்தால் அதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். பிடிக்காத எண்ணை மட்டும் திரும்பச் சோதிப்பதும், பிடித்த எண்ணைத் தொடாமல் விடுவதும் ஒரே குற்றம்தான்.

கோரை அறுக்கும் இடத்திலேயே தவறு நுழையலாம் என்பதையும் சொல்ல வேண்டும். தங்கம் மினுக்கும் பக்கத்தை அறியாமலே கை ஆய்வகப் பைக்குள் போட்டுவிடும். அதனால் அறுப்பதற்கு முன்பே கோரின் மேல் பென்சிலால் கோடு போட்டு, எப்போதும் கோட்டுக்கு வலப்பக்கப் பாதிதான் பைக்குள் என்று கட்டாயமாக வைத்திருந்தோம். ஆய்வகத்திலும் நடக்கும். ஒருமுறை நாங்கள் அனுப்பிய மாதிரி வரிசையில் ஒன்று 41 கிராம் காட்டியது. அதை அடுத்த மாதிரி 2.6, அதற்கும் அடுத்தது 0.9. பார்த்தால் நரம்பு நினைத்ததைவிட அகலம் என்று தோன்றும், நாங்களும் சந்தோஷப்பட்டோம். ஆனால் அந்த 0.9 காட்டிய பையில் நாங்கள் வைத்திருந்தது தங்கமே இல்லாத வெறும் குவார்ட்ஸ். ஆய்வகத்துக்குச் சொல்லாமல் வரிசைக்குள் செருகி வைத்த வெற்று மாதிரி அது. அரவைக் கிண்ணத்தில் 41 கிராம் மாதிரியின் தங்கம் ஒட்டிக்கொண்டு, பின்னால் வந்த இரண்டிலும் கலந்திருக்கிறது. கிண்ணத்தை வெறும் குவார்ட்ஸ் போட்டு அரைத்துத் துடைத்துவிட்டுத் திரும்பச் செய்தபோது 2.6 காட்டிய மாதிரி 0.2-க்கு இறங்கியது. அந்த வெற்று மாதிரியைச் செருகியிருக்காவிட்டால் நரம்பின் அகலத்தை இரண்டு மடங்காக வரைந்திருப்போம். ஏறக்குறைய 20 மாதிரிக்கு ஒன்று வெற்று, ஒன்று தரம் முன்பே தெரிந்தது, ஒன்று வேறொரு மாதிரியின் இரட்டை என்று செருகுவது இதற்காகத்தான். உங்கள் கட்டில் அப்படிப்பட்ட மாதிரிகளின் முடிவுகள் இல்லை என்றால், 18-ஐ நம்புவதற்கோ தள்ளுவதற்கோ பிடி இல்லை.

இப்போது அகலத்துக்கு வருகிறேன். பந்தலூரில் இதுவரை தங்கத்தைப் பற்றிப் பேசிய பலரும் இதைக் கவனித்ததில்லை. துளை சாய்வாகப் போகும், நரம்பும் சாய்வாக இருக்கும். இரண்டும் செங்குத்தாகச் சந்திப்பது அபூர்வம். வெள்ளரிக்காயைக் குறுக்கே நறுக்கினால் சின்ன வட்டம், சாய்த்து நறுக்கினால் நீளமான வில்லை. கோருக்கும் நரம்புக்கும் இடைப்பட்ட கோணம் 45 பாகை என்று வைத்துக்கொள்வோம். அப்போது கோரில் 0.40 மீட்டராகத் தெரியும் நரம்பின் உண்மையான தடிமன் 0.40-ஐ 0.707-ஆல் பெருக்கினால் வரும் 0.28 மீட்டர். ஒரு முழத்துக்கும் குறைவு. இந்தக் கோணத்தைக் கோரைப் பெட்டியில் வைத்த அன்றே பாகைமானியால் அளந்து எழுதுவோம். எழுதாமல் விட்டு, கோரும் தொலைந்துபோனால் பின்னால் யாராலும் திருத்த முடியாது.

முழத்துக்கும் குறைவான இடுக்கில் மனிதன் நுழைந்து வேலை செய்ய முடியாது. ஒடுக்கமான நரம்பை எடுக்கும் சுரங்கத்தில்கூட 1.2 மீட்டராவது அகலம் திறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 1.2 மீட்டரில் 0.28 மீட்டர் நரம்பு, மீதி 0.92 மீட்டர் இரண்டு பக்கத்துச் சுவர்ப் பாறை. சுவரில் சராசரி 0.4 கிராம் இருப்பதாக வைத்துக் கணக்குப் போடுகிறேன். நரம்பின் தரத்தை 18 என்று எடுத்தால், 0.28-ஐ 18-ஆல் பெருக்க 5.04 வரும். சுவரில் 0.92-ஐ 0.4-ஆல் பெருக்க 0.37 வரும். கூட்டி 1.2-ஆல் வகுத்தால் 4.5 கிராம். நரம்பின் தரம் 6.5 என்று எடுத்தால் 1.82 கூட்டல் 0.37, அதை 1.2-ஆல் வகுக்க 1.8 கிராம். வெடி வைக்கும்போது சுவர் திட்டத்துக்கு மேல் உடைந்து விழுவதை இன்னும் சேர்க்கவே இல்லை. காகிதத்தில் 18 என்று இருந்தது, லாரியில் ஏறும்போது 1.8 ஆகியிருக்கிறது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை.

நீங்கள் கேட்ட 2 கிராமுக்கு இங்கே இடம் வருகிறது. அதைத்தான் கட்-ஆஃப் தரம் என்கிறோம். ஒரு டன் கல்லை வெட்டி, ஏற்றி, அரைத்து, கழிவைக் கொட்டி, சம்பளம், பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஆகும் செலவைத் தங்கம் ஈடுகட்டும் தரம் எது என்பதே கேள்வி. செலவு டன்னுக்கு 14,400 ரூபாய், தங்கம் கிராம் 8,000 ரூபாய், ஆலை கல்லிலிருந்து 90 விழுக்காடு தங்கத்தை மீட்கிறது என்று சுலபமான எண்களை வைக்கிறேன். ஒரு கிராம் தங்கத்துக்குக் கையில் வருவது 7,200 ரூபாய். 14,400-ஐ அதனால் வகுத்தால் சரியாக 2. ஆகவே 2 கிராம் உள்ள டன் லாபமும் தராது, நட்டமும் தராது. சுரங்கம் தோண்டச் செலவிட்ட முதலீட்டில் அது ஒரு பைசாகூடத் திருப்பித் தராது. "2 கிராம் இருந்தாலே நடத்தலாம்" என்று உங்களிடம் சொன்னவர்கள் இந்த இடத்தில் சறுக்கியிருக்கிறார்கள். 2 என்பது எந்தக் கல்லை ஆலைக்கு அனுப்புவது, எதைக் குப்பைமேட்டில் கொட்டுவது என்று பிரிக்கும் கோடு. அந்தக் கோட்டுக்கு மேலே உள்ள கல்லின் சராசரி 2-ஐவிட நன்றாக உயர்ந்து நின்றால்தான் சுரங்கத்துக்கு முதல் போடுவார்கள்.

இந்தக் கோடு நிலையானதும் இல்லை. தங்கம் 12,000 ரூபாய் ஆகி, மற்றவை அப்படியே இருந்தால், கட்-ஆஃப் 1.33-க்கு இறங்கிவிடும். நேற்று கழிவு என்று தள்ளிய நம் 1.8 கிராம் கல் இன்று தாது. பாறையில் ஒரு அணுகூட மாறவில்லை. அதனால் பழைய காகிதத்தில் "தாது இல்லை" என்று எழுதியிருந்தால், அது அன்றைய விலைக்கும் அன்றைய செலவுக்கும் சொன்ன பதில் என்று படிக்க வேண்டும். உங்கள் கேள்வியில் எனக்கு நியாயமாகத் தோன்றும் பகுதியும் இதுதான். திரும்பக் கணக்குப் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

ஆனால் திரும்பக் கணக்குப் பார்க்க ஒரு துளை போதாது. 50 மீட்டர் இடைவெளியில் துளை போட்டால், ஒவ்வொரு துளையும் தன்னைச் சுற்றி நரம்பில் 50-க்கு 50 மீட்டர் பரப்புக்குப் பேசுகிறது. 0.28 மீட்டர் தடிமனில் அது சுமார் 1,850 டன் நரம்புக் கல். அத்தனை டன்னுக்கும் சாட்சி சொல்வது ஒரு கிலோகூடத் தேறாத கோர்ப் பாதி. பக்கத்துத் துளைகள் 0.2, 1.1, 3.6 என்று காட்டினால், உங்கள் 18 ஒரு தனி முளை. 9, 14, 11 என்று காட்டினால் கதையே வேறு, நானே உங்களோடு சேர்ந்து மனு எழுதுவேன். முந்தைய வகையில், அந்த ஒற்றை உயர்ந்த எண் சராசரியைத் தூக்கிவிடாமல் இருக்க அதற்கு ஓர் உச்சவரம்பு வைத்து, அதற்கு மேல் இருப்பதை வெட்டிவிடுவோம். எந்த எண்ணில் வெட்டுவது என்பதில் அனுபவசாலிகளுக்குள்ளேயே சண்டை வரும், அங்கே உறுதியான விடை கிடையாது. சுரங்கம் ஓடத் தொடங்கி, கணித்த தரத்தையும் ஆலையில் வந்த தங்கத்தையும் ஒப்பிடும்போதுதான் வெட்டு சரியா என்று தெரியும். துளைகள் நெருங்க நெருங்க மதிப்பீடும் ஊகம், சுட்டப்பட்டது, அளக்கப்பட்டது என்று படியேறும். ஒற்றைத் துளை முதல் படியில்கூட உறுதியாக நிற்காது.

நம் ஊர் இதை ஏற்கெனவே ஒருமுறை அனுபவித்திருக்கிறது. 1880-ல் சுரங்க நிபுணர் புரோ ஸ்மித் தென்கிழக்கு வயநாட்டுத் தங்க நரம்புகளைப் பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்ததை ஒட்டி, தேவாலா, பந்தலூர் நரம்புகளை நம்பி லண்டனில் வரிசையாகக் கம்பெனிகள் கிளம்பின. சில ஆண்டுகளிலேயே பெரும்பாலானவை கவிழ்ந்தன. சோதனையில் காட்டிய தரம் ஆலை அரவையில் வரவில்லை. என் கணிப்பில் இரண்டு காரணம் சேர்ந்திருக்கும். ஒன்று, கண்ணுக்கு அழகான கல்லைப் பொறுக்கிச் சோதிப்பது. இன்னொன்று நம் மலையின் மழை. இங்கே பாறை பல மீட்டர் ஆழத்துக்கு மக்கிச் செம்மண்ணாகியிருக்கிறது. மக்கிய நரம்பில் பைரைட் போன்ற கந்தகக் கனிமம் துருவாகிவிடுவதால் தங்கம் விடுபட்டு நிற்கும், அலசினாலே கிடைக்கும், தரமும் உயர்ந்து தெரியும். கீழே புதுப் பாறைக்குப் போனால் தங்கத்தில் ஒரு பங்கு பைரைட்டுக்குள் பூட்டிக்கொண்டிருக்கும், அன்றைய பாதரச முறைக்கு அது சிக்காது. உங்கள் துளை 87 மீட்டரில் என்பதால் மக்கிய பகுதியைத் தாண்டியிருக்க வேண்டும். அது உங்கள் எண்ணுக்குச் சாதகமான விஷயம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

காட்டு நிலம், நீர்ப்பிடிப்பு, யானை வழி என்று தரத்துக்கு வெளியே உள்ள தடைகளும் இங்கே உண்டு. அவை என் துறை இல்லை. தேவாலா பக்கத்துப் பழைய சுரங்க வாய்களுக்குள் இந்த எண்ணை நம்பி யாரும் இறங்க வேண்டாம் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். மழைக்கு ஊறிய செம்மண் கூரை முன்னறிவிப்பு இல்லாமல் இறங்கும்.

அந்தக் கட்டைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். 87.80-க்கு மேலும் கீழும் உள்ள வரிகளில் என்ன தரம் என்று முதலில் பாருங்கள். அதே பக்கத்தில் கோர் மீட்பு என்று ஒரு பத்தி இருக்கும். அறுத்த நீளத்தில் எத்தனை விழுக்காடு கோராகக் கைக்கு வந்தது என்ற கணக்கு அது. அந்த இடத்தில் 70, 60 என்று இருந்தால், நொறுங்கிய பகுதி தண்ணீரோடு போய்விட்டது, தரம் கூடியதா குறைந்ததா என்றே சொல்ல முடியாது. கோணம் என்று ஒரு பத்தி, மறுசோதனை என்று ஒரு பத்தி இருக்கலாம். இவை இருக்கும் பக்கங்களையும், துளைகளின் இடம் குறித்த வரைபடம் இருந்தால் அதையும் படமெடுத்து இங்கே போடுங்கள், உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன். உங்கள் தாத்தா அந்தத் துளை வேலையில் இருந்தவர் என்றால், வீட்டுப் பரணில் ஒரு மீட்டர் நீள மரப் பெட்டியோ தகரப் பெட்டியோ, உள்ளே அரைவட்டமாக அறுத்த கல் துண்டுகளோடு இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். அந்த மறு பாதி கிடைத்தால், அதை உடைக்காமல், கழுவாமல், துண்டுகளின் வரிசை மாறாமல் அப்படியே வையுங்கள்.